ஒரே ஒரு விஷயம் சொல்ல எத்தனை ஸ்லைடு வேண்டும்?

அம்பத்தூர் ஓ.டி., ஆவடி மார்க்கெட், பூந்தமல்லி டிரங்க் ரோடு என்று எந்தப் பக்கம் போனாலும் கடையின் பெயர்ப் பலகையில் போன் நம்பருக்குப் பக்கத்தில் இன்ஸ்டாகிராம் பக்கத்தின் பெயரும் இருக்கிறது. பிளவுஸ் தைப்பவர், மாடியில் டியூஷன் எடுப்பவர், வீட்டிலேயே கேக் செய்து விற்பவர், குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் என எல்லோருக்கும் ஊருக்குச் சொல்ல ஏதோ ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல அவர்களில் பலர் எடுப்பது கேரசல். ஒரே பதிவில் பல படங்களை அடுக்கி, பார்ப்பவர் விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போகும்படி போடுவார்களே, அதுதான்.

2017 பிப்ரவரியில் இன்ஸ்டாகிராம் இதைக் கொண்டு வந்தபோது ஒரு பதிவில் அதிகபட்சம் 10 படங்கள்தான் போட முடியும். 2024 ஆகஸ்டில் அதை 20 ஆக்கினார்கள். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. கல்யாண ஆல்பம் போட 20 படம் வசதிதான். ஆனால் ஒரே ஒரு விஷயத்தைப் புரியவைக்க உட்காருபவர், இருபது இடம் காலியாக இருக்கிறதே என்று நிரப்பத் தொடங்குகிறார். பார்ப்பவரோ ஐந்தாவது படத்தில் கையை எடுத்துவிடுகிறார். சொல்ல வந்த விஷயம் எட்டாவது படத்தில் இருக்கிறது.

அப்படியானால் எத்தனை ஸ்லைடு சரி? ஐந்து, ஏழு, பத்து என்று ஆளுக்கொரு எண் சொல்வார்கள். விஷயம் என்னவென்றே தெரியாமல் எண்ணை முடிவு செய்வது, ஆளைப் பார்க்காமல் சட்டைக்குத் துணி வெட்டுவது மாதிரி. எந்த வீட்டுக்கும் பொருந்தக்கூடிய ஒரு விஷயத்தை எடுத்து ஸ்லைடு ஸ்லைடாகப் போட்டுப் பார்ப்போம்.

501-வது யூனிட்

விஷயம் கரண்ட் பில். ஆவடியில் ஒரு குடியிருப்போர் சங்கம், கோடைக்கு முன்னால் தன் உறுப்பினர்களுக்கு ஒரே ஒரு செய்தியைப் புரியவைக்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் பணம் கூடுவதில்லை, ஏற்கெனவே ஓடிய யூனிட்டுக்கும் கூடுகிறது என்பதுதான் அந்தச் செய்தி. வீட்டில் பில் கட்டுபவர்களிலேயே நிறையப் பேருக்கு இது தெரியாது. ஒரு முறை 490, அடுத்த முறை 510 என்று வரும்போது, 'இருபது யூனிட்டுக்கா இவ்வளவு ஏறிச்சு? மீட்டர்ல ஏதோ கோளாறு' என்று மின்வாரிய அலுவலகத்துக்குப் போய் நிற்பவர்கள் உண்டு.

கணக்கு இதுதான். கட்டணம் அடிக்கடி மாறுவதால், இங்கே 2022 செப்டம்பரில் அமலுக்கு வந்த வீட்டுக் கட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். மொத்தம் 500-க்குள் நிற்பவருக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய். ஆக, சரியாக 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 225, 900, 600 மூன்றும் சேர்ந்து 1,725 ரூபாய்.

இப்போது ஒரே ஒரு யூனிட் கூடுகிறது. 501-வது யூனிட்டின் விலை 8 ரூபாய். அதனால் பில் 1,733 ரூபாய் வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வருவதோ 1,958 ரூபாய். 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான அந்த நூறு யூனிட்டுக்கு இருந்த மானியம் போய்விடுகிறது. 2.25 என்பது 4.50 ஆகிவிடுகிறது. 225 ரூபாயாக இருந்த வரி 450 ஆகிறது. ஆக அந்த ஒரு யூனிட் வீட்டுக்கு வைத்த செலவு 233 ரூபாய்.

இதை எத்தனை படத்தில் சொல்வது?

பத்தில் ஆரம்பித்தால்

முதல் முறை எழுதும்போது யாருக்கும் பத்து ஸ்லைடு வந்துவிடும். 'கரண்ட் பில் ஷாக்!' என்று ஒரு தலைப்பு. அடுத்தது, எங்கள் சங்கத்தைப் பற்றி. மூன்றாவது, யூனிட் என்றால் என்ன. நான்காவது, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பு எப்படி நடக்கிறது. ஐந்தாவது, முழுக் கட்டண அட்டவணை. ஆறாவது, 500 யூனிட்டுக்கான பில். ஏழாவது, 501-க்கான பில். எட்டாவது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். ஒன்பதாவது, எல்.இ.டி. பல்பு போடுங்கள், ஏ.சி.யைக் குறையுங்கள் என்று மிச்சம் பிடிக்கும் வழிகள். பத்தாவது, லைக், ஷேர், ஃபாலோ.

பார்த்தால் எல்லாமே தேவை மாதிரிதான் தெரியும். எதை எடுப்பது என்று முடிவு செய்ய ஓர் எளிய வேலை இருக்கிறது. சொல்ல வந்ததை ஒரே வாக்கியமாகத் தாளில் எழுத வேண்டும். '500-ஐ ஒரு யூனிட் தாண்டினால், அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டுமல்ல, முன்னால் ஓடிய நூறு யூனிட்டுக்கும் விலை ஏறும்.' இதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னால் அவர் அடுத்து என்ன கேட்பார்? 'அப்படியா, எவ்வளவு ஏறும்?' என்பார். சொன்னதும், 'அது எப்படி அவ்வளவு ஏறும்?' என்பார். அதையும் சொன்னால், 'சரி, நான் 500-ஐத் தாண்டப் போறேனான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?' என்பார். அதற்கு மேல் அவரிடம் கேள்வி இல்லை. வாக்கியம் ஒன்று, கேள்வி மூன்று.

இந்தக் கேள்விகளை வைத்துப் பத்து ஸ்லைடையும் மறுபடி பார்க்க வேண்டும். சங்கத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. யூனிட் என்றால் என்ன என்றும் கேட்கவில்லை. பில் கட்டுபவருக்கு யூனிட் என்ற சொல் பழகியதுதான். ஆயிரம் வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் என்பது நல்ல பாடம், ஆனால் வேறு பாடம். அதற்குத் தனியாக ஒரு கேரசல் போடலாம். இரண்டு மாதக் கணக்கு என்பது தேவைதான், ஆனால் அதற்கு ஒரு முழு ஸ்லைடு வேண்டாம். 'இரண்டு மாதத்தில்' என்ற சொல்லே போதும்.

முழு அட்டவணையை எடுக்கத்தான் பலருக்கும் மனசு வராது. தேடிப் பிடித்துத் தட்டச்சு செய்தது ஆயிற்றே. ஆனால் 601 முதல் 800 வரை என்ன விலை, ஆயிரத்துக்கு மேல் என்ன விலை என்பது இந்த வாக்கியத்தை நம்ப எந்த விதத்திலும் உதவவில்லை. சரியான தகவல்தான், ஆனால் இந்த இடத்தில் அது வழியை மறித்து நிற்கிறது. பார்ப்பவர் அந்த அட்டவணையில் தன் வீட்டு எண்ணைத் தேடத் தொடங்குவார். தேடி முடிப்பதற்குள் 501 மறந்துபோகும்.

மிச்சம் பிடிக்கும் வழிகளும் அப்படித்தான். ஸ்லைடுகளுக்கு நடுவே 'மேலும்', 'அதோடு', 'இன்னொன்று' என்று சொல்லித்தான் அடுத்ததுக்குப் போக முடிகிறது என்றால், அங்கே இரண்டாவது விஷயம் உள்ளே நுழைந்துவிட்டது என்று அர்த்தம். 'அதனால்', 'ஆனால்', 'அப்படியென்றால்' என்று போக முடிந்தால் அது அதே விஷயத்தின் தொடர்ச்சி. லைக், ஃபாலோவுக்குத் தனி ஸ்லைடு வேண்டாம். கடைசி ஸ்லைடின் அடியில் ஒரு வரி போதும்.

ஒப்பிடுவதைப் பிரிக்காதீர்கள்

மீதி நிற்பவை தலைப்பு, 500-க்கான பில், 501-க்கான பில், வித்தியாசம். மீட்டரைப் பார்ப்பது எப்படி என்ற ஒன்று புதிதாக வேண்டும். அதையும் சேர்த்தால் ஐந்து. இத்தோடு நிறுத்திக்கொள்பவர்கள்தான் அதிகம். ஆனால் இதில் ஒரு கோளாறு இருக்கிறது. அதை யாரிடமாவது காட்டினால்தான் தெரியும்.

இரண்டாவது படத்தில் 1,725. தள்ளினால் மூன்றாவதில் 1,958. இந்த இடத்தில் பார்ப்பவரின் கட்டைவிரலைக் கவனித்தால் போதும். பலர் முன்னால் தள்ளாமல் பின்னால் தள்ளுவார்கள். முந்தைய படத்தில் என்ன எண் இருந்தது என்று பார்க்கப் போகிறார்கள். ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள், இரண்டாம் முறை பதிவையே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். படத்தைத் தள்ளிய பிறகு முந்தைய படத்தின் எண்கள் மனதில் நிற்பதில்லை. 225, 900, 600 என்று மூன்று எண்களைச் சுமந்துகொண்டு அடுத்த படத்துக்குப் போய் ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் பொறுமை கிடையாது.

ஆகவே ஒப்பிட வேண்டிய இரண்டும் ஒரே ஸ்லைடில்தான் இருக்க வேண்டும். இரண்டு பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இப்படி வரும்: இடது பக்கம் 500, வலது பக்கம் 501. முதல் நூறு இரண்டிலும் இலவசம். 101 முதல் 200 வரை, இடது பக்கம் 225, வலது பக்கம் 450. அடுத்த இருநூறு யூனிட் இரண்டிலும் 900. அதற்கடுத்த நூறு இரண்டிலும் 600. கடைசி ஒரு யூனிட் இடது பக்கம் கிடையாது, வலது பக்கம் 8. கீழே கூட்டுத்தொகை 1,725, 1,958. ஐந்து வரி, இரண்டு பத்தி. போனில் தாராளமாகப் படிக்கலாம். மூன்று ஸ்லைடு ஒன்றாகிவிட்டது.

ஆனால் இப்படி ஒன்றாக்கியதும் வேறொன்று நடக்கிறது. ஐந்து வரியில் எந்த வரி முக்கியம் என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. பெரும்பாலோர் நேராகக் கூட்டுத்தொகைக்குப் போய், 'ஓ, 233 கூடுதா' என்று பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். ஏன் கூடுகிறது என்பது அதே படத்தில்தான் இருக்கிறது, கண்ணில் படவில்லை. இந்த இடத்தில் ஸ்லைடைக் குறைப்பது தப்பு, ஒன்று கூட்டத்தான் வேண்டும். அதே அட்டவணை, அதே இடத்தில், அதே அளவில் அடுத்த ஸ்லைடிலும் வரட்டும். 101–200 வரி மட்டும் பளிச்சென்று, மற்ற வரிகள் மங்கலாக. மேலே ஒரு வாக்கியம்: '500-ஐத் தாண்டினால் இந்த வரிக்கு இருந்த மானியம் போய்விடும்.' படத்தைத் தள்ளும்போது அட்டவணை அசையாமல் நிற்பது போலவும், ஒரு வரியில் மட்டும் விளக்கு எரிவது போலவும் தெரியும். புதிதாகப் படிக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். ஸ்லைடு ஒன்று கூடியும் படிக்கிற பாரம் குறைந்துவிட்டது. எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் குறைப்பவர்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

ஆக முடிவில் நிற்பது நான்கு. முதலாவது, '501-வது யூனிட்டின் விலை 8 ரூபாய் இல்லை, 233 ரூபாய்.' இரண்டாவது, இரண்டு பில்களும் அருகருகே. மூன்றாவது, விளக்கு எரியும் அந்த ஒரு வரி. நான்காவது, உங்கள் மீட்டரை இன்றைக்கே பார்ப்பது எப்படி.

நான்காவது ஸ்லைடு வேண்டுமா என்று ஒரு கேள்வி எழலாம். அது செய்தி இல்லை, செயல்முறைதானே என்று. ஆனால் 'அதனால்' என்று சொல்லி அதற்குப் போக முடிகிறது. தாண்டப் போகிறோமா என்பதே தெரியாவிட்டால் மற்ற மூன்றையும் படித்து எந்தப் பயனும் இல்லை. மீட்டரில் மாறி மாறி வரும் எண்களில் kWh என்று காட்டும்போது வருவதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கடைசிக் கணக்கெடுப்பில் பதிவான எண்ணை அதிலிருந்து கழிக்க வேண்டும். போன முறை 14,220, இன்றைக்கு 14,655 என்றால் 435 யூனிட் ஓடிவிட்டது. இன்னும் பதினைந்து நாள் பாக்கி என்றால் மிச்சமிருப்பது 65 யூனிட், நாளைக்கு நான்கு சொச்சம். கணக்கெடுக்க வருபவர் இரண்டு நாள் தள்ளி வந்தால் அதுவும் போதாது. இந்த ஒரு கணக்குக்கு ஒரு ஸ்லைடு சரி. அதில் ஏ.சி. ஆலோசனையைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் மறுபடி ஐந்தாவது, ஆறாவது என்று வால் நீளும்.

மூன்றாகக் குறைக்க முடியாதா? முதல் ஸ்லைடிலேயே இரண்டு பில்லையும் போட்டுவிட்டால் முடியும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் விரலை அட்டவணை நிறுத்தாது. நிறுத்தினால்தான் மற்றதெல்லாம்.

தமிழ் எழுத்து எடுத்துக்கொள்ளும் இடம்

ஸ்லைடு எண்ணிக்கையை வெளியிலிருந்து மாற்றும் ஒரு விஷயமும் உண்டு. டெம்ப்ளேட்டுகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்துக்காகச் செய்தவை. அதில் தமிழைப் போட்டால் இரண்டு வழிகளில் இடிக்கும். ஒன்று, சொல்லின் நீளம். 'பயன்படுத்தியிருந்தால்' என்ற ஒரே சொல் பெரிய எழுத்தில் ஒரு வரியை முழுக்க விழுங்கிவிடும். இன்னொன்று, வரி இடைவெளி. தமிழில் மேலே கொம்பும் கீழே சுழியும் உண்டு. கி, கீ மேலே போகும், கு, கூ கீழே இறங்கும். ஆங்கில எழுத்துக்கு வைத்த நெருக்கமான இடைவெளியில் மேல் வரியின் சுழியும் கீழ் வரியின் கொம்பும் முட்டிக்கொள்ளும். இடைவெளியைக் கூட்டினால் ஆறு வரி இருந்த இடத்தில் நாலரை வரிதான் வரும்.

இதைச் சமாளிக்கப் பலர் எழுத்தைச் சிறிதாக்குவார்கள் அல்லது ஸ்லைடை இரண்டாகப் பிரிப்பார்கள். இரண்டுமே கடைசியாகச் செய்ய வேண்டியவை. முதலில் சொல்லை மாற்றிப் பார்க்கலாம். 'மின்சாரம் பயன்படுத்தியிருந்தால்' என்பதற்கு வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை, 'யூனிட் ஓடினால்' என்றுதான் சொல்வார்கள். அது பாதி இடம்கூடப் பிடிக்காது, புரிவதும் சுலபம். அப்படி மாற்றிய பிறகும் ஒரு ஸ்லைடில் இருபது இருபத்தைந்து சொல்லுக்கு மேல் நிற்கிறதென்றால், அங்கே இரண்டு கேள்விக்கான பதில் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கலாம். இருந்தால் பிரிக்கலாம். ஒரே பதில்தான் நீளமாக இருக்கிறது என்றால் பிரிப்பதைவிட வெட்டுவதே மேல். வாக்கியத்தின் நடுவே பிரித்து, மீதியை அடுத்த ஸ்லைடில் தொடர்வது மட்டும் வேண்டவே வேண்டாம்.

அளவு சரியா என்று பார்க்க, கம்ப்யூட்டர் திரையில் பார்த்தால் தெரியாது. போனுக்கு அனுப்பி, கையை நீட்டிப் பிடித்து, கண்ணாடி போடாமல் ஒருவரைப் படிக்கச் சொல்ல வேண்டும். பில் கட்டுபவர்களில் நாற்பதைத் தாண்டியவர்கள் ஏராளம்.

ஏரிக்கு எத்தனை, கோலத்துக்கு எத்தனை

எல்லா விஷயமும் நான்கில் அடங்காது என்பதற்குப் பூந்தமல்லிக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, மழைக்காலம் வந்தாலே அந்த அடிக்கணக்கை ஊரே கவனிக்கிறது. 22 அடி வந்ததும் தண்ணீர் திறக்கிறார்கள் என்று செய்தி வந்தால், 'இன்னும் ரெண்டு அடி இருக்கே, ஏன் அவசரம்?' என்ற கேள்வி கூடவே வரும்.

இதற்கு '22/24' என்று ஒரே படம் போட்டால் அது கேள்வியைத்தான் வளர்க்கும். ஏரி நேரான டம்ளர் இல்லை, வாய் அகன்ற தட்டு போன்றது. அடியில் ஓர் அடி உயரத்துக்குப் பிடிக்கும் தண்ணீரும் மேலே ஓர் அடி உயரத்துக்குப் பிடிக்கும் தண்ணீரும் ஒன்றல்ல. ஏரியில் தண்ணீர் வந்து சேரும் வேகமும் அதை வெளியே விடும் வேகமும் வேறு. பெருமழையில் வரத்து ஏறிய பிறகு திறந்தால், திறக்க வேண்டிய அளவும் ஒரேயடியாகக் கூடி அடையாற்றின் இரு கரையிலும் இடம் பிடிக்கும். இதில் தட்டு என்பது ஒரு விஷயம், வேகம் என்பது இன்னொரு விஷயம். 'அதனால்' போட்டு ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போக முடியாது, 'அதோடு' என்றுதான் போக வேண்டியிருக்கிறது. ஒரே கேரசலில் இரண்டையும் அடைத்தால் எட்டு ஒன்பது ஸ்லைடு ஆகும். தனித்தனியாகப் போட்டால் ஒவ்வொன்றும் மூன்றில் முடிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. தண்ணீர் திறக்கப்படும் அன்றைக்குச் சொல்ல வேண்டிய எச்சரிக்கைக்குக் கேரசலே கூடாது. எந்த ஊர், எத்தனை மணிக்கு, எங்கே போக வேண்டும் என்பதெல்லாம் ஒரே படத்தில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் கைமாறும்போது நான்கில் ஒன்றுதான் போய்ச் சேரும். அது எந்த ஒன்று என்பது யார் கையிலும் இல்லை.

கோலம் முற்றிலும் வேறு. அம்பத்தூர் தெருக்களில் மார்கழியில் சிக்குக் கோலம் போடச் சொல்லித் தருபவருக்கு, பார்ப்பவரின் கேள்வி 'ஏன்' என்பதில்லை, 'இப்போ கை எந்தப் பக்கம் போச்சு' என்பதுதான். அங்கே எண்ணிக்கையை முடிவு செய்வது வளைவு. ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு வந்த கோடு எந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்பியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் இடையில் ஒரு படம் வேண்டும். ஒரே மாதிரியான வளைவு நான்கு பக்கமும் திரும்ப வருகிறது என்றால் ஒரு பக்கத்தைக் காட்டிவிட்டு மற்ற மூன்றையும் ஒரே படத்தில் முடித்துவிடலாம். அப்படிப் பார்த்தால் சின்னக் கோலத்துக்கே பன்னிரண்டு ஆகலாம். அது அதிகம் இல்லை. ஒவ்வொன்றையும் அரை விநாடியில் பார்த்துத் தள்ளிவிடுவார்கள். கரண்ட் பில்லின் பன்னிரண்டு வேறு, கோலத்தின் பன்னிரண்டு வேறு.

இரண்டாவது ஸ்லைடும் ஒரு வாசல்

மறுபடியும் ஆவடி பில்லுக்கு. நான்கு ஸ்லைடு தயார். போடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, இரண்டாம் ஸ்லைடு. ஒரு பதிவைப் பார்த்தும் தள்ளாமல் போனவருக்கு, இன்ஸ்டாகிராம் சில நேரம் அதே பதிவை மறுபடி கொண்டுவந்து, இம்முறை இரண்டாவது படத்திலிருந்து காட்டும். அந்த நிறுவனத்தின் தலைவர் ஆடம் மொசேரியே இதைச் சொல்லியிருக்கிறார். அதனால் இரண்டாவது ஸ்லைடில் 'வணக்கம் நண்பர்களே' என்று இருந்தால் இரண்டாவது வாய்ப்பும் போச்சு. இரண்டு பில்லும் அருகருகே இருந்தால், மேலே '500 யூனிட் – 501 யூனிட்' என்ற தலைப்போடு, முதல் படத்தைப் பார்க்காதவருக்கும் அது தானாகவே பேசும்.

இரண்டாவது, யாரிடமாவது காட்டுவது. நன்றாக இருக்கிறதா என்று கேட்கக் கூடாது. 'நல்லா இருக்கு' என்றுதான் பதில் வரும். போனை வாங்கி வைத்துக்கொண்டு, 'என்ன புரிஞ்சுது, சொல்லுங்க' என்று கேட்க வேண்டும். 'அஞ்சு நூறு தாண்டினா ஃபைன் போடறாங்களாம்' என்று பதில் வந்தால் மூன்றாவது ஸ்லைடு வேலை செய்யவில்லை. மானியம் போவதை அவர் அபராதமாகப் புரிந்துகொண்டிருக்கிறார். இன்னொரு ஸ்லைடு சேர்த்தால் இது சரியாகாது. அந்த ஒரு வாக்கியத்தைத்தான் திருத்த வேண்டும்: '101–200 யூனிட்டுக்கு அரசு தரும் மானியம், 500-க்குள் இருக்கும் வீட்டுக்கு மட்டும்.' 'அப்போ ஒவ்வொரு யூனிட்டுக்கும் 233-ஆ?' என்று கேட்டால், கோட்டைத் தாண்டும் அந்த ஒரு முறைதான் அந்தத் தாவல், 502-வது யூனிட் வெறும் 8 ரூபாய்தான் என்பது விட்டுப்போயிருக்கிறது. அதற்கும் அட்டவணையின் அடியில் ஒரு வரி போதும். 'முதல் நூறுமா போச்சு?' என்று கேட்டால் அதற்கான பதில் அட்டவணையின் முதல் வரியிலேயே இருக்கிறது, எழுத்து சிறிதாக இருந்திருக்கும். மூன்று பேரிடம் காட்டி மூன்று பேரும் ஒரே இடத்தில் தடுக்கினால், அங்கே மட்டும்தான் ஸ்லைடைக் கூட்டுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

போட்ட பிறகு நடப்பதையும் இப்போதே யோசித்தாக வேண்டும். நான்கில் அதிகம் ஸ்கிரீன்ஷாட் ஆகப்போவது இரண்டாவது ஸ்லைடுதான். அது குடும்பக் குரூப்புக்குப் போகும், அங்கிருந்து அபார்ட்மென்ட் குரூப்புக்கு. ஒரு வருடம் கழித்தும் சுற்றும். 2024-இல் கட்டணம் மாறியதற்குப் பிறகும் பழைய எண்களோடு படங்கள் சுற்றியது இப்படித்தான். இன்றைக்குப் போடுபவர் தன் கடைசி பில்லின் விகிதத்தை எடுத்து இதே கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். எந்த மாதக் கட்டணம் என்பதை முதல் ஸ்லைடில் மட்டும் எழுதினால் போதாது. எண் இருக்கிற ஒவ்வொரு ஸ்லைடின் மூலையிலும் அந்தத் தேதி இருக்க வேண்டும், வெட்டி எடுத்தாலும் விழாத இடத்தில், அட்டவணைக்குள்ளேயே.